என் மனைவியின் வளையலும் ஒரு செலவுக் கணக்கு ஆப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

"சேர், மாசச் செலவுக் கணக்குப் பார்க்க நல்ல ஆப் ஒண்டு சொல்லுங்க" என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்கள். மூன்று பேருமே ஆசிரியர்கள். ஒரு காலத்தில் இப்படிக் கேட்டால் அடுத்த நிமிடமே லிங்க் அனுப்பிவிடுவேன். இப்போது அனுப்பவில்லை. ஏன் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது. இதில் வருவது என் வீட்டுக் கதை. மனைவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா அந்த வளையல் ஆருக்காக வச்சதுண்டு மட்டும் எழுதாதீங்க" என்றா. எழுதவில்லை.

2024 றமழானுக்கு முன் அந்த ஆப்பைப் போனில் போட்டேன். பெயர் வேண்டாம். சம்பளம் வந்து பத்து நாளில் காசு எங்கே போகிறது என்று தெரியாத நிலை எனக்கு. கடன் கழிவு, மின்சார பில், தண்ணீர் பில், பிள்ளையின் வேன் காசு, பால்மா. ஸகாத் கணக்கையும் அந்த முறை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஆப்பின் விளம்பரத்தில், நீங்கள் ஒன்றும் எழுதத் தேவையில்லை, எல்லாம் தானாக வரும் என்று இருந்தது. அந்த "தானாக" என்ற சொல்லில்தான் விழுந்தேன்.

எப்படித் தானாக வருகிறது? நம் பேங்கிலிருந்து போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்களை அது வாசிக்கிறது. கார்ட்டில் சாமான் வாங்கினால், ஏ.டி.எம்மில் காசெடுத்தால், சம்பளம் விழுந்தால் பேங்க் ஒரு மெசேஜ் அனுப்பும். அதில் திகதி, தொகை, கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு எண், சிலவேளை கடையின் பெயர், பல நேரம் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்பதும் இருக்கும். ஆப் அதைப் பிரித்து எடுத்து "உணவு", "போக்குவரத்து" என்று தட்டில் வைத்துத் தருகிறது. வேலை நன்றாகத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது.

முதல் நாளே ஒன்று என் கண்ணில் பட்டது. ஆப்பைப் போட்டது 2024 இல், ஆனால் அது காட்டிய வரைபடம் 2021 இலிருந்து தொடங்கியது. "அட, பழைய கணக்கையும் காட்டுதே" என்று சந்தோசப்பட்டேன். வகுப்பில் ஒரு மாணவன் கொப்பியில் நான் எழுதாத விடை இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஆள் நான். இதைக் கேட்கவில்லை. விசயம் இதுதான்: போனில் அழிக்காமல் கிடந்த மூன்று வருட மெசேஜ் முழுவதையும் அது ஒரே இருப்பில் வாசித்து முடித்திருந்தது.

அன்ட்ரொய்ட் போனில் ஓர் ஆப் எஸ்.எம்.எஸ் அனுமதி கேட்கும்போது என்ன வசனம் வருகிறது என்று யாராவது கவனித்திருக்கிறீர்களா? இப்படி வரும்:

`Allow [app] to send and view SMS messages?`

கீழே Allow, Don't allow என்று இரண்டு பொத்தான்கள். "பேங்க் மெசேஜ் மட்டும்" என்று மூன்றாவது பொத்தான் இல்லை. "இன்றிலிருந்து வருவது மட்டும்" என்றும் இல்லை. கொடுத்தால் முழு இன்பொக்ஸையும் கொடுக்கிறோம். பேங்கின் ஓ.டி.பி, வட்ஸப் பதிவு செய்யும்போது வரும் இலக்கம், கிளினிக்கில் இருந்து வரும் திகதி, உம்மா அனுப்பிய மெசேஜ், எல்லாம் அந்த ஒரு Allow க்குள் அடங்கும். வசனத்தில் view மட்டும் அல்ல, send என்றும் இருப்பதையும் பாருங்கள். ஆப் தனக்குத் தேவையான பகுதியை மட்டும்தான் கேட்டிருக்கும், ஆனால் நமக்குக் காட்டப்படுகிற கேள்வி இந்த ஒன்றுதான்.

இதை கூகிளும் அறியும். 2018 இல் பிளே ஸ்டோருக்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள். கண்ட கண்ட ஆப்களும் எஸ்.எம்.எஸ், கோல் லொக் அனுமதி கேட்க முடியாது என்றார்கள். டோர்ச் லைட் ஆப்பெல்லாம் எஸ்.எம்.எஸ் அனுமதி கேட்ட காலம் அது. ஆனால் விதிவிலக்குப் பட்டியலில் எஸ்.எம்.எஸ் மூலம் வரவுசெலவு பார்க்கும் ஆப்களுக்கு இடம் வைத்தார்கள். ஆகவே பிளே ஸ்டோரில் இருக்கிறதே, கூகிள் பார்த்துத்தானே விட்டிருக்கும் என்று நம்பினால், அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. கேட்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். வாசித்ததை அவர்கள் தங்கள் சேர்வரில் எத்தனை வருடம் வைப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இந்த வடிவில் இல்லை. அங்கே வேறு ஆப்களுக்கு உங்கள் எஸ்.எம்.எஸ் இன்பொக்ஸை வாசிக்கும் வழியே கிடையாது. அதனால் அங்கே இந்த ஆப்கள் ஈமெயிலைக் கேட்கும், அல்லது பேங்க் லொகினைக் கேட்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

வளையலுக்கு வருவோம்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆப்பில் குடும்பக் கணக்கு என்று ஒரு வசதி இருப்பதைக் கண்டேன். மாதம் 590 ரூபா. ஒரே கணக்கில் இரண்டு போன், வீட்டுச் செலவு முழுவதும் ஒரே இடத்தில். மனைவியின் போனை எடுத்து நானே ஆப்பைப் போட்டு, என் ஈமெயிலால் உள்நுழைந்து, கேட்ட எல்லாவற்றுக்கும் Allow அமத்தினேன். அவ அடுப்படியில் நின்றா. "என்னத்தையோ செய்றீங்க" என்றா. "கணக்குப் பார்க்கத்தான்" என்றேன். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்கும்போது என் போனில் ஒரு அறிவிப்பு. ஈடு வைத்த நகையின் தவணை இன்ன திகதியில் முடிகிறது, வட்டி இவ்வளவு என்று. நாங்கள் ஈடு ஒன்றும் வைக்கவில்லையே! யாரோ ஏமாற்றுக்காரன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆப்பைத் திறந்து பார்த்தால் அது மனைவியின் போனுக்கு வந்த மெசேஜ். அவ தன் இரண்டு வளையலை ஈடு வைத்திருந்தா. தன் பக்கத்தில் ஒருவருக்கு வைத்தியச் செலவு. எனக்குத் தெரிந்தால் நான் கடனோடு கடனாக இன்னும் ஒன்றை எடுப்பேன் என்று பயந்து சொல்லவில்லை. வட்டி என்று வேறு அவவுக்கு மனம் கூசியிருக்கிறது. மாதாமாதம் தன் தையல் காசில் கட்டி மீட்டுவிடலாம் என்று கணக்கு.

நான் கேட்டதும் அவ அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "எனக்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். போனுக்கிட்ட ஏன் கேட்டீங்க?" என்றா. அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

இதில் களவு ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காசு போகவில்லை. ஆப் தான் சொன்னதைத்தான் செய்தது. பேங்க் தரவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஹெக்கர், கொள்ளை என்று பயப்படுகிறோம். ஆனால் கணக்கில் இருக்கும் காசைவிட கணக்கைப் பற்றிய கதைக்குத்தான் ஆபத்து முதலில் வருகிறது. சம்பளம் எத்தனையாம் திகதி விழுகிறது, எத்தனையாம் திகதியோடு முடிகிறது, எந்த மருந்துக் கடைக்கு மாதாமாதம் போகிறோம், என்ன ஈட்டில் இருக்கிறது. கடன் விற்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஆப்பிலேயே பிறகு மாதக் கடைசியில் "அவசரக் காசு வேண்டுமா" என்று விளம்பரம் வரத் தொடங்கியது. மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாளும் வரவில்லை.

உலகத்தில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அன்ரோல் மீ என்று ஓர் இலவசச் சேவை. தேவையில்லாத ஈமெயில் சந்தாக்களைக் கண்டுபிடித்து நிறுத்தித் தருவது அதன் வேலை. அதற்காக மக்கள் தங்கள் ஈமெயில் பெட்டியைத் திறந்து கொடுத்தார்கள். 2017 இல் நியூயோர்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. அன்ரோல் மீயின் தாய்க் கம்பனியான ஸ்லைஸ், அந்தப் பெட்டிகளில் இருந்த லிப்ட் வாடகைக் கார் ரசீதுகளைத் திரட்டி, பெயர்களை நீக்கி, லிப்டின் போட்டிக் கம்பனியான ஊபருக்கு விற்றிருந்தது. 2019 இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அன்ரோல் மீ மீது நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டு விற்றது என்பதல்ல. உங்கள் தனிப்பட்ட ஈமெயிலைத் தொடமாட்டோம் என்று சொல்லி அனுமதி வாங்கியதுதான் குற்றச்சாட்டு. சேர்த்து வைத்த ரசீதுகளை அழிக்கும்படியும் உத்தரவு வந்தது. இலவசமாக நம் சந்தாவைக் குறைத்துத் தருகிறவன் எதில் உழைக்கிறான் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

சரி, அன்று நான் என்ன செய்தேன்? கோபத்தில் இரண்டு போனிலும் ஆப்பை அழித்தேன். Uninstall. முடிந்தது என்று நினைத்தேன். அதுதான் இரண்டாவது பிழை.

அடுத்த மாதம் கார்ட்டில் 590 ரூபா கழிந்து மெசேஜ் வந்தது. ஆப் போனில் இல்லை, காசு போகிறது. அப்போதுதான் சந்தேகம் வந்து, உடைந்த திரையோடு அலுமாரிக்குள் கிடந்த பழைய போனை எடுத்து, வைபை போட்டு, அதே ஆப்பை இறக்கி, அதே ஈமெயிலால் உள்நுழைந்தேன். எஸ்.எம்.எஸ் அனுமதி கொடுக்கவில்லை. அந்தப் போனில் சிம்மும் இல்லை. ஆனாலும் 2021 இலிருந்து எல்லாம் அப்படியே வந்து நின்றது. வளையல் உட்பட.

உங்கள் தரவு உங்கள் போனுக்குள் மட்டும் இருக்கிறதா, அவர்களின் சேர்வருக்குப் போய்விட்டதா என்று அறிய எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான். வேறு போனில் உள்நுழையுங்கள். பழைய கணக்கு அங்கே வந்தால் அது வெளியே போயிருக்கிறது. சில ஆப்கள் உங்கள் சொந்த கூகிள் டிரைவில் பெக்கப் வைக்கும், அப்படி என்றால் அதிலிருந்து மீட்கவா என்று கேட்கும். ஒன்றும் கேட்காமல் வந்து நின்றால் சேர்வர்தான். வராவிட்டால் போகவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வந்தால் நிச்சயம்.

ஆகவே அனுமதியைத் திரும்பப் பெறுவது ஒரு வேலை அல்ல. தனித்தனியாக மூன்று கதவுகள். போன் வாசிப்பதை நிறுத்துவது ஒன்று, அவர்களிடம் ஏற்கெனவே போனதை அழிக்கச் சொல்வது ஒன்று, காசு கழிவதை நிறுத்துவது ஒன்று. ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடாது. செய்கிற ஒழுங்கும் முக்கியம், ஏனென்றால் ஆப்பை முதலில் அழித்தால் அழிக்கக் கேட்கும் பொத்தானும் சேர்ந்து போய்விடும்.

முதலில் போனின் வாசிப்பை நிறுத்துங்கள். போன் Settings க்குள் Apps, அந்த ஆப், Permissions, SMS, Don't allow. போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், தேடும் பெட்டியில் permission manager என்று அடித்தால் வந்துவிடும். Permission manager க்குள் SMS ஐத் திறந்தால் எந்தெந்த ஆப்புக்கு நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற முழுப் பட்டியலும் வரும். என் போனில் ஐந்து இருந்தது. அதில் ஒன்று, பிள்ளைக்கு எப்போதோ போட்டுக் கொடுத்த படம் வரையும் ஆப். அல்லாஹு அக்பர் என்று சொல்லிவிட்டு மூடினேன்.

இதோடு விட்டுவிடாதீர்கள். சில ஆப்கள் எஸ்.எம்.எஸ் அனுமதியே கேட்காது. அதற்குப் பதில் அறிவிப்புகளை வாசிக்கும் அனுமதி கேட்கும். மெசேஜ் வரும்போது திரையின் மேலே தெரிகிறதே, அதை வாசித்தால் போதும். அது Permissions பட்டியலில் தெரியாது. Settings இல் Special app access என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது, அதற்குள் notification என்ற சொல் வரும் வரியைத் திறந்தால் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று காட்டும். இதில் எஸ்.எம்.எஸ் மட்டும் அல்ல, வட்ஸப் அறிவிப்பும் அடங்கும். Accessibility என்ற இடத்தையும் பாருங்கள். அந்த அனுமதி கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் நல்ல நோக்கத்துக்காக வந்தது. ஆனால் அதைப் பெற்ற ஆப் திரையில் இருப்பதை வாசிக்கும், நமக்குப் பதிலாகப் பொத்தானும் அமத்தும். செலவுக் கணக்குப் பார்க்க அது தேவையே இல்லை. கேட்டால் அந்த ஆப்பை வைத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, போனதை அழிக்கச் சொல்வது. ஆப்பைத் திறந்து, அதன் Settings அல்லது Profile க்குள் Delete account என்பதைத் தேடுங்கள். Log out அல்ல, Delete account. கணக்குத் திறக்க வைக்கும் ஆப்கள் எல்லாம் அதை அழிக்கும் வழியும் தர வேண்டும், ஆப்பை அழித்துவிட்டவர்களுக்காக இணையத்திலும் ஒரு வழி வைக்க வேண்டும் என்று கூகிள் 2023 இல் அறிவித்தது. ஆகவே என்னைப் போல அவசரப்பட்டு Uninstall செய்தவர்களுக்கும் வழி இருக்கிறது. பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் Data safety என்பதைத் திறந்து பாருங்கள். அழிக்கக் கேட்கலாமா என்று அங்கே எழுதியிருக்கும். அந்த ஆப்பை உருவாக்கியவரின் ஈமெயிலும் அதே பக்கத்தில் கீழே இருக்கும்.

நான் ஈமெயில் எழுதினேன். எழுதும்போது "என் கணக்கை மூடவும்" என்று மட்டும் எழுத வேண்டாம். எந்த ஈமெயிலால் பதிந்தேன், எந்தத் திகதியில் அனுமதி கொடுத்தேன், எஸ்.எம்.எஸ்ஸிலிருந்து எடுத்த எல்லாத் தரவையும் அழிக்கவும், வேறு யாருக்கும் கொடுத்திருந்தால் யாருக்கு என்று சொல்லவும், அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்தவும் என்று எழுதுங்கள். எனக்குப் பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. கணக்கு அழிக்கப்பட்டது, பெக்கப்பில் இருப்பது 90 நாளில் போகும் என்றார்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பழைய போனில் மறுபடி உள்நுழைந்து பார்த்தேன். அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது. அந்த அளவுக்குத்தான் என்னால் உறுதிப்படுத்த முடிந்தது. ஏற்கெனவே மூன்றாம் கைக்குப் போனதை எந்தப் பொத்தானும் திரும்ப அழைக்காது, இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், அழிக்கக் கேட்பதும் அதில் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்த பகுதிகளைப் பிற்போட்டார்கள். ஈமெயிலில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதுவதில் தவறில்லை, ஆனால் அதை நம்பிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

மூன்றாவது, காசு. பிளே ஸ்டோரில் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தை அமத்தி Payments & subscriptions, அதற்குள் Subscriptions. அங்கே Cancel செய்தால்தான் மாதக் காசு நிற்கும். சந்தாவைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வந்த ஆப்பின் சந்தாவே எனக்குத் தெரியாமல் ஓடியது, சிரிப்பதா அழுவதா. கார்ட் இலக்கத்தை ஆப்பிடமோ அதன் இணையத்தளத்திலோ நேரடியாகக் கொடுத்திருந்தால் பிளே ஸ்டோரில் அது தெரியாது. அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தியும் கழிந்தால் பேங்குக்குச் சொல்லி அந்தக் கார்ட்டை மாற்றுங்கள்.

எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா செய்தது என்னுடையதைவிடப் பெரிய விசயம். இரண்டு பேங்கில் கணக்கு. இரண்டு கணக்கின் மீதியையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்று ஓர் ஆப் சொல்ல, இணைய வங்கியின் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் அந்த ஆப்பில் அடித்துவிட்டார். "சேர், அது பேங்கிட பக்கம் மாதிரித்தான் இரிந்த" என்றார். நிறத்தையும் இலச்சினையையும் போட்டு எந்தப் பக்கத்தையும் அப்படி ஆக்கலாம். அந்த ஆப்புக்கு எஸ்.எம்.எஸ் அனுமதியும் கொடுத்திருந்தார். யோசித்துப் பாருங்கள். பாஸ்வேர்ட் ஒரு கையில், ஓ.டி.பி மறு கையில். பேங்க் இரண்டு பூட்டுப் போட்டது இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

அவர் விசயத்தில் ஆப்பை அழிப்பதாலோ அனுமதியை மூடுவதாலோ ஒன்றும் முடியாது. பாஸ்வேர்ட் அவர்களிடம் இருக்கிறது, அது எந்தக் கணினியில் இருந்தும் திறக்கும். வழி ஒன்றுதான். பேங்கின் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அந்த ஆப் இன்னும் கிடக்கும் போனில் மாற்றக்கூடாது, மாற்றும்போது வரும் ஓ.டி.பியையும் அது வாசிக்கும். முதலில் எஸ்.எம்.எஸ் அனுமதியை மூடி, ஆப்பை எடுத்துவிட்டு, பிறகு மாற்றினோம். மாற்றியதும் கார்ட்டின் பின்னால் இருக்கும் இலக்கத்துக்கு எடுத்து, தன் இணைய வங்கிக் கணக்கில் வேறு ஏதும் சாதனம் பதிவாகியிருக்கிறதா, புதிதாகப் பணம் பெறுபவர் யாரும் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று கேட்கச் சொன்னேன். அப்படி ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த இரண்டையும் கேட்காமல் விட்டால் பாஸ்வேர்ட் மாற்றியும் பயன் இல்லாமல் போகலாம். இன்னொன்று: பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று பேங்கின் நிபந்தனையில் நாம் ஒப்பமிட்டிருக்கிறோம். பிறகு காசு போனால், நீங்களே கொடுத்தீர்களே என்ற இடத்தில்தான் பேச்சு தொடங்கும். பேங்குக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தும் தீர்வு கிடைக்காதவர்கள் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம், இலக்கம் 1935.

இந்தியாவில் இதற்கு வேறு பாதை போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்று பெயர். ரிசர்வ் வங்கி 2016 இல் விதி வகுத்து, 2021 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஆப்பிடம் பாஸ்வேர்ட் கொடுப்பதில்லை. நடுவில் ஓர் உரிமம் பெற்ற நிறுவனம். என்ன தரவு, எதற்காக, எத்தனை நாளைக்கு, எத்தனை தடவை என்று சம்மதப் பத்திரத்தில் தனித்தனியாகக் காட்டும். நடுவில் இருப்பவரால் தரவைத் திறந்து வாசிக்க முடியாது. வேண்டாம் என்றால் அதே இடத்தில் சம்மதத்தை ரத்துச் செய்யலாம். அங்கேயும் ரத்துச் செய்வது இனிமேல் எடுப்பதைத்தான் நிறுத்தும். ஆனால் "ஈட்டுக் கணக்கைத் தவிர" என்று சொல்லும் ஓர் இடமாவது இருக்கிறது. நம் போனில் வருகிற Allow இல் அது இல்லை என்பதுதான் வித்தியாசம்.

ஈமெயிலை இணைத்தவர்களுக்கு ஒரு வரி. இந்த முகவரியைத் திறங்கள்:

`myaccount.google.com/connections`

உங்கள் கூகிள் கணக்கோடு இணைந்த எல்லா ஆப்பும் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் வெறுமனே பெயரும் ஈமெயிலும் கொடுத்ததா, ஜீமெயிலை வாசிக்கும் அனுமதி கொடுத்ததா என்று காட்டும். ஜீமெயில் என்று வருவதைத் துண்டியுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் ஈமெயிலில் வருகிறவர்கள் இதை இன்றே பாருங்கள்.

இன்பொக்ஸில் கேட்ட மூன்று பேருக்கும் என் பதில்: ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எஸ்.எம்.எஸ், அறிவிப்பு, ஈமெயில், பாஸ்வேர்ட் நாலும் கேட்காமல், நாமே கையால் தொகையை அடிக்கும் ஆப்கள் இருக்கின்றன. போட்டதும் டேட்டாவையும் வைபையையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால் நல்லது. Allow கேட்டு, Don't allow என்றதும் திறக்கவே மறுத்தால் அந்த ஆப் எதற்கு வந்தது என்று விளங்கிவிடும். இன்னொருவரின் போனில் போடுவதென்றால், மனைவியாக இருந்தாலும் வயசான வாப்பாவாக இருந்தாலும், அந்த Allow ஐ அவர்களின் விரல்தான் அமத்த வேண்டும், அதுவும் அது எதை வாசிக்கும் என்று சொன்ன பிறகு.

நான் இப்போது தாழங்குடாவில் கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் செய்ததைத்தான் செய்கிறேன். எண்பது பக்கக் கொப்பி ஒன்று, நடுவில் கோடு. இரவில் மனைவியும் நானும் இருந்து எழுதுகிறோம். அவவின் பக்கத்தில் சில நாள் "வேறு – 1,500" என்று மட்டும் இருக்கும். வேறு என்றால் என்ன என்று நான் கேட்பதில்லை. வளையல் இரண்டும் போன மாதம் மீண்டு வந்தது.

ஏதாவது ஆப்பின் அனுமதியை மூடத் தெரியாமல் இருப்பவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். போனைக் கொண்டுவாருங்கள், பாஸ்வேர்டை எனக்கும் சொல்ல வேண்டாம்.